போட்டோவில் வரும் சம்பளச் சிட்டையும் ஸ்டேட்மென்ட்டும்: ஒட்டிய எண்களைப் பிடிப்பது பற்றி

உள்ளகக் குறிப்பு
பெறுநர்: கடன் பிரிவு அலுவலர்கள், ஹட்டன் கிளையும் அதனோடு சேர்ந்த சேவை மையங்களும்
அனுப்புநர்: கடன் பரிசீலனை அதிகாரி
திகதி: 2025 ஒக்டோபர் 14

எல்லோருக்கும் வணக்கம். இப்போது வரும் தனிநபர் கடன் விண்ணப்பங்களில் பாதிக்கு மேல் வாட்ஸ்அப்பில் எடுத்து அனுப்பிய போட்டோக்கள்தான். மஸ்கெலியாவிலிருந்தோ பொகவந்தலாவையிலிருந்தோ ஒருவர் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு பஸ் ஏறி வருவது எவ்வளவு சிரமம் என்று நமக்குத் தெரியும், அதனால் போட்டோவை வாங்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் போட்டோவில் உள்ள எண்ணை அப்படியே சிஸ்டத்தில் அடிப்பதை இன்றோடு நிறுத்துவோம்.

போன வாரம் நான் திருப்பி அனுப்பிய தோட்டத் தொழிலாளி ஒருவரின் ஃபைலை எடுத்துக்கொள்ளுங்கள். சிட்டையில் 24 நாள் வேலை, நாட்கூலி 1,350 ரூபா, மொத்தம் 32,400. பெருக்கல் சரி, எழுத்தும் சுத்தமாகத்தான் இருந்தது. ஆனால் கழிவுப் பகுதியில் ஈ.பி.எஃப் 1,512. தொழிலாளியிடம் கழிப்பது 8 வீதம், அப்படியானால் 32,400க்கு 2,592 இருக்க வேண்டும். 1,512ஐ 8 வீதத்துக்குத் திருப்பிக் கணக்குப் பார்த்தால் 18,900 வருகிறது, அதை 1,350ஆல் வகுத்தால் சரியாக 14 நாள். யாரோ 14ஐ 24 ஆக்கி, மொத்தத்தையும் கைக்கு வரும் தொகையையும் மாற்றிவிட்டு, ஈ.பி.எஃப் தொகையை அப்படியே விட்டிருக்கிறார்கள். இதைக் காட்டிக்கொடுத்தது கல்குலேட்டர்தான், படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தது அதற்குப் பிறகு.

ஆகவே முதலில் கணக்கு, பிறகுதான் கண். ஈ.பி.எஃப்பை 8 வீதத்துக்குத் திருப்பிப் பாருங்கள் (ஓவர்டைம் பணத்துக்கு ஈ.பி.எஃப் இல்லை, அதைக் கழித்துவிட்டுப் பார்க்க வேண்டும்). சங்கச் சந்தா, திருவிழா முற்பணம், தேயிலைத்தூள் எல்லாவற்றையும் கூட்டி, கைக்கு வரும் தொகை சரியாக வருகிறதா என்று பாருங்கள். முதலாளி போடும் 12 வீதமும் ஈ.டி.எஃப் 3 வீதமும் சிட்டையில் இருந்தால் அவையும் அதே தொகைக்குப் பொருந்த வேண்டும், ஒன்றை மாற்றுகிறவர் மூன்றையும் மாற்ற மறந்துவிடுவார். கொம்பனியில் வேலை செய்பவர் 1,95,000 ரூபா மாதச் சம்பளம் காட்டுகிறார் ஆனால் வரிக் கழிவே இல்லை என்றால் கேளுங்கள். இந்த ஏப்ரலிலிருந்து மாதம் 1,50,000 வரை விலக்கு, அதற்கு மேல் முதல் படி 6 வீதம், ஆக ஏறக்குறைய 2,700 ரூபா கழிந்திருக்க வேண்டும்.

ஸ்டேட்மென்ட் இன்னும் எளிது, ஏனென்றால் ஒவ்வொரு வரியும் முந்தைய வரியோடு பிணைந்திருக்கிறது. 42,000 வரவை 92,000 ஆக்கினால் அதற்குக் கீழே உள்ள மீதிகள் எல்லாவற்றையும் மாற்ற வேண்டும். பலர் முதல் பக்கத்தை மாற்றிவிட்டு அடுத்த பக்கத்தின் தொடக்க மீதியையோ, அடியில் இருக்கும் மொத்த வரவு மொத்தச் செலவையோ விட்டுவிடுவார்கள். குறைந்தது சம்பளம் விழுந்த வரிகளுக்கு முன்னும் பின்னும் ஐந்தாறு வரியாவது கூட்டிக் கழித்துப் பாருங்கள். போயா தினத்தில் சம்பளம் விழுந்திருப்பதை மட்டும் வைத்துச் சந்தேகப்பட வேண்டாம், CEFTS என்று இருந்தால் எந்த நாளிலும் வரும்.

சரி, இனி படம். போனில் பார்க்காதீர்கள். கணினியில் திறந்து நன்றாகப் பெரிதாக்கி, சந்தேகமான எண்ணை அதே வரியில் உள்ள மற்ற எண்ணோடு ஒப்பிடுங்கள். தாளை போனில் எடுத்தால் நிழல், மடிப்பு, மங்கல், சரிவு எல்லாம் எழுத்தின் மேலும் தாளின் மேலும் ஒன்றாகவே ஓடும். ஒட்டிய எண்ணில் மடிப்புக் கோடு திடீரென்று நின்றுவிடும், அல்லது எண்ணைச் சுற்றி மட்டும் தாளின் சொரசொரப்பு இல்லாமல் வழுவழுப்பாகத் தெரியும். பழைய டொட் மெட்ரிக்ஸ் பிரின்டரில் அடித்த சிட்டை என்றால் எண்கள் புள்ளி புள்ளியாக இருக்க வேண்டும், நடுவில் ஒன்று மட்டும் முழுக் கோடாக இருந்தால் அது வேறு இடத்திலிருந்து வந்தது. இன்னொன்றை நான் மிகவும் நம்புகிறேன்: உண்மையான படத்தில் இரண்டு 9கள் ஒருபோதும் அச்சு அசலாக ஒரே மாதிரி இருக்காது, மை பரவல் கொஞ்சமாவது மாறும். ஒரே கறை, ஒரே உடைசல் இரண்டு 9களிலும் இருந்தால் ஒன்றை வெட்டி மற்ற இடத்தில் போட்டிருக்கிறார்கள்.

ஆனால் இங்கே நிதானம் வேண்டும். ஸ்கேன் செயலியில் எடுத்தால் எழுத்துகள் கன்னங்கரேலென்று, பின்னணி வெள்ளையாக, வெட்டி ஒட்டியது போலவே இருக்கும். வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கும்போது எழுத்தைச் சுற்றிக் கட்டம் கட்டமாகக் கறை விழும், படம் எடுத்த நேரம் போன்ற விவரங்களையும் நீக்கிவிடும். ஆகவே `IMG-20251003-WA0012.jpg` மாதிரிப் பெயரோடு வந்த ஃபைலில் விவரம் எதுவும் இல்லை என்பது ஒரு குற்றமே அல்ல. படத்தைப் போட்டால் திருத்திய இடத்தை வண்ணத்தில் காட்டுவதாகச் சொல்லும் இணையக் கருவிகளை வைத்து யாரும் முடிவெடுக்கக் கூடாது. இப்படிச் சுருங்கிய படங்களில் அவை எல்லா எழுத்தையும் பளிச்சென்று காட்டும். அதோடு வாடிக்கையாளரின் சிட்டையை வெளித் தளங்களில் ஏற்றுவதற்கு நமக்கு அனுமதியும் இல்லை.

கண்ணில் பட்டது எதுவானாலும் அது கேட்பதற்கான காரணம் மட்டுமே. படத்தின் தோற்றத்தை வைத்து ஒரு விண்ணப்பத்தையும் நிராகரிக்காதீர்கள். முதலில் அதே தாளை வேறு கோணத்தில் எடுத்து, வாட்ஸ்அப்பில் டொகுமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். அதுவும் தெளிவாக இல்லையென்றால், "அண்ணே, படம் சரியா விளங்கல, அடுத்த தடவை டவுனுக்கு வரும்போது ஒரிஜினல் துண்டைக் கொண்டு வாங்க" என்பது போதும். பொய் என்ற சொல்லே நம் வாயிலிருந்து வரக் கூடாது. சிட்டையை மாற்றுவது பல நேரம் விண்ணப்பதாரர் அல்ல, ஃபோர்ம் நிரப்பித் தருகிறேன் என்று காசு வாங்கும் இடைத்தரகர். தரகர் என்ன அனுப்பினார் என்பதே விண்ணப்பித்த அம்மாவுக்குத் தெரியாமல் இருக்கலாம், ஆனால் தவணை கட்டப்போவது அவர்தான். 14 நாள் சம்பளத்தில் 24 நாளுக்கான தவணையை வைத்தால் அந்த வீட்டில் என்ன நடக்கும் என்பதை நாம் யோசித்தாக வேண்டும்.

உறுதிப்படுத்தத் தோட்ட அலுவலகத்தை அழைக்கும்போது சிட்டையில் உள்ள இலக்கத்துக்கு அடிக்காதீர்கள், அதையும் மாற்றியிருக்கலாம். நம்மிடம் ஏற்கனவே உள்ள இலக்கத்தில் கிளார்க்கிடம் பேசுங்கள், விண்ணப்பதாரர் கையெழுத்திட்ட சம்மதம் ஃபைலில் இருக்கிறதா என்று பார்த்த பிறகு. வேறு வங்கி ஸ்டேட்மென்ட் என்றால் அந்த வங்கி முத்திரையிட்ட பிரதி, அல்லது வாடிக்கையாளர் நம் முன்னால் தன் செயலியைத் தானே திறந்து காட்டுவது. அவருடைய போனை நாம் கையில் வாங்க வேண்டாம், பாஸ்வேர்ட் அடிக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளுங்கள்.

திருத்தம் உறுதியானால் விண்ணப்பதாரரிடமோ தரகரிடமோ எதுவும் சொல்லாமல் ஃபைலை என்னிடம் தாருங்கள், நான் இணக்க அதிகாரிக்கு அனுப்புகிறேன். 2006ஆம் ஆண்டின் 6ஆம் இலக்க நிதிக் கொடுக்கல்வாங்கல் அறிக்கையிடல் சட்டத்தின் கீழ், சந்தேக அறிக்கை போவதை வெளியில் சொல்வது குற்றம். சிட்டைப் படங்களை நம் ஸ்டாஃப் வாட்ஸ்அப் குரூப்பில் "இது பாருங்க" என்று போடுவதும் வேண்டாம், ஏற்கனவே போட்டவற்றை இன்று அழித்துவிடுங்கள்.

நாளை முதல் போட்டோவோடு வரும் ஒவ்வொரு ஃபைலிலும் ஈ.பி.எஃப் கணக்கை ஒரு தாளில் கையால் எழுதி, பார்த்தவர் சுருக்கொப்பம் வைத்து இணைக்க வேண்டும். கையிலிருக்கும் பழைய ஃபைல்களில் இன்னும் பணம் விடுவிக்காதவற்றை வெள்ளிக்கிழமைக்குள் என் மேசைக்குக் கொண்டு வாருங்கள். நோர்வூட், மஸ்கெலியா ஃபைல்களை முதலில்.