மறையூர் பாப்பாவுக்கு: அந்த நாலாவது கணக்கு

கண்ணு, நீ அனுப்பின ஸ்கிரீன்ஷாட்டப் பாத்தேன். பஸ்ல வர்றப்பவே பாத்துட்டேன், சின்னாறு செக்போஸ்ட் தாண்டினதும் டவர் போயிருச்சு. அதான் இப்ப எழுதறேன். நோட்டப் பக்கத்துல வெச்சுக்கிட்டுப் படி.

கேள்வி இது, இந்தச் சமன்பாட்ட ரெண்டு பக்கமும் சமன் பண்ணணும்:

```
Ca(OH)2 + H3PO4 → Ca3(PO4)2 + H2O
```

உன் படத்துல வலது பக்க Ca-க்குக் கீழ இருக்கற எண்ண ஏதோ மெசேஜ் வந்து மறைச்சிருச்சு. அது 3 தான். கால்சியத்துக்கு இணைதிறன் 2, பாஸ்பேட்டுக்கு 3. ஒண்ணோடத இன்னொண்ணுக்குக் கீழ மாத்திப் போட்டா Ca3(PO4)2. இந்த மாதிரி மறைஞ்சு போனாக்கூட நீயே கண்டுபிடிச்சுக்கலாம்.

இப்ப நீ பண்ணினதுக்கு வர்றேன். வலது பக்கம் கால்சியம் 3 இருக்கு, இடது பக்கமும் 3 வேணும்னு யோசிச்சியே, அது சரி. ஆனா போட்ட இடம் தப்பு. Ca3(OH)2-ன்னு எழுதியிருக்க. அப்படி ஒரு பொருளே கெடையாது. கீழ்க்குறிய மாத்தினா பொருளே மாறிப்போகும். H2O-வுல O-க்குக் கீழ ஒரு 2 போட்டுப் பாரு, H2O2 ஆயிரும். அது தண்ணி இல்ல, காயத்துல ஊத்தினா நுரைக்குமே, அந்த ஹைட்ரஜன் பெராக்சைடு. நம்ம தாத்தா ஆலையில உருண்டை எத்தனை வேணும்னாலும் புடிப்பாரு, ஒவ்வொரு உருண்டைக்குள்ளயும் இருக்கறது அதே வெல்லந்தான். அதுமாதிரி முன்னாடி போடற எண்ண மட்டுந்தான் நீ தொடலாம். அதுக்குப் பேரு கெழு.

சரி, கால்சியத்துக்காக முன்னாடி 3 போடு:

```
3Ca(OH)2 + H3PO4 → Ca3(PO4)2 + H2O
```

அடுத்து பாஸ்பேட். நீ P தனியா, O தனியா எண்ணிக் குழம்பியிருக்க, அடிச்சு அடிச்சு எழுதினது தெரியுது. PO4 ரெண்டு பக்கமும் உடையாம அப்படியே இருக்கு பாரு, அதனால அத ஒரே கட்டா எண்ணு. வலது பக்கம் ரெண்டு கட்டு, இடது பக்கம் ஒண்ணு. H3PO4-க்கு முன்னாடி 2.

```
3Ca(OH)2 + 2H3PO4 → Ca3(PO4)2 + H2O
```

மிச்சம் தண்ணி மட்டுந்தான். இங்கதான் கணக்கே அழகா இருக்கும். தண்ணி எங்கிருந்து வருது? Ca(OH)2, அதாவது சுண்ணாம்புல இருக்கற ஒரு OH-உம் அமிலத்துல இருக்கற ஒரு H-உம் சேர்ந்து ஒரு H2O. மூணு Ca(OH)2, ஒவ்வொண்ணுலயும் ரெண்டு OH, ஆக 6. ரெண்டு H3PO4, ஒவ்வொண்ணுலயும் மூணு H, அதுவும் 6. ஒருத்தர்கூட மிச்சமில்லாம ஜோடி சேர்ந்தாச்சு. ஆறு தண்ணி:

```
3Ca(OH)2 + 2H3PO4 → Ca3(PO4)2 + 6H2O
```

ஆக்சிஜன நான் தொடவே இல்ல, கவனிச்சியா? அது நாலு பொருள்லயும் இருக்கு. அதுல ஆரம்பிச்சா ஒண்ண சரி பண்ண இன்னொண்ணு கெடும், நீ மாட்டினதும் அங்கதான். கடைசியில சரிபார்க்க மட்டும் எண்ணு. இடது பக்கம் 6-உம் 8-உம் சேர்ந்து 14, வலது பக்கம் 8-உம் 6-உம் 14. ஹைட்ரஜன் ரெண்டு பக்கமும் 12.

இன்னும் நம்பிக்கை வரலைன்னா ஒவ்வொண்ணோட மூலக்கூறு நிறையையும் கூட்டிப் பாரு. Ca(OH)2 74, H3PO4 98. மூணு 74 சேர்ந்து 222, ரெண்டு 98 சேர்ந்து 196, மொத்தம் 418. அந்தப் பக்கம் Ca3(PO4)2 310, ஆறு தண்ணி 108. அதுவும் 418. பரீட்சையில இதுவரைக்கும் எழுத வேண்டியதில்ல, நேரம் போயிரும்.

இது புத்தகத்துல மட்டும் இருக்கற கணக்குன்னு நெனைக்காத. கொப்பரையில கரும்புப்பால் காயறப்ப தாத்தா சுண்ணாம்புத் தண்ணி ஊத்துவாரே, அப்ப பால்ல இருக்கற பாஸ்பேட்டோட சுண்ணாம்பு சேர்ந்து இதே கால்சியம் பாஸ்பேட்தான் உண்டாகும். அது கரையாது, அழுக்க எல்லாம் இழுத்துக்கிட்டுத் திரளும். அத அள்ளி வீசறதாலதான் பாகு தெளியுது. கூடுதலா ஊத்திட்டா வெல்லம் கறுத்துப்போகும்னு தாத்தா திட்டுவாரு, கேட்டிருப்ப.

அஞ்சாவது கணக்கும் இதே ஜாதிதான்:

```
Al(OH)3 + H2SO4 → Al2(SO4)3 + H2O
```

SO4-ஐக் கட்டா வெச்சுக்கோ, தண்ணிய கடைசியில பாரு. நீயே போட்டு ராத்திரிக்குள்ள அனுப்பு. இந்தத் தடவ மெசேஜ் எல்லாம் தள்ளிட்டு முழுசா படம் எடு. அம்மாகிட்ட சொல்லு, சனிக்கிழமை வர்றேன், ரெண்டு கிலோ உருண்டை எடுத்து வெக்கச் சொல்லு.