docs மெயில்பாக்ஸ் ஒப்படைப்புக் குறிப்பு: 2025 நவம்பர் 10 முதல் 21 வரை

அன்புள்ள கவிதா அவர்களுக்கு,

என் தங்கையின் திருமணத்திற்காக நவம்பர் 10, திங்கள்கிழமை முதல் 21, வெள்ளிக்கிழமை வரை நான் விடுப்பில் இருப்பேன். அந்த இரண்டு வாரமும் ஏற்றுமதி ஆவணங்களுக்கான docs மெயில்பாக்ஸைப் பார்த்துக்கொள்ள நீங்கள் ஒப்புக்கொண்டதற்கு நன்றி. மெர்ச்சண்டைசிங் பிரிவில் இருப்பதால் பையர்களையும் ஆர்டர்களையும் என்னைவிட நீங்கள் நன்றாக அறிவீர்கள். எனவே அவற்றை விட்டுவிட்டு, சரக்கு தொழிற்சாலையை விட்டுக் கிளம்பிய பிறகு நடப்பவற்றை மட்டும் எழுதியிருக்கிறேன்.

முதலில் ஒரு பொதுவான கோரிக்கை. இந்த மெயில்பாக்ஸில் வரும் கடிதங்களுக்கு உடனே பதில் எழுதுவதைவிட, ஒவ்வொன்றிலும் உள்ள கெடு தேதியைக் கவனிப்பதே முக்கியம். பையரின் நினைவூட்டலுக்கு ஒரு நாள் தாமதமாகப் பதில் சொன்னால் யாருக்கும் நஷ்டமில்லை. வங்கிக்குப் போக வேண்டிய ஆவணம் ஒரு நாள் தாமதமானால் மொத்த பில்லுக்கும் பணம் நிற்கும். ஐயம் வந்தால் பதிலை நிறுத்தி வைத்து மேலாளரிடம் கேளுங்கள்.

மெயில்பாக்ஸைப் பயன்படுத்தும் முறை

உங்கள் அவுட்லுக்கிலேயே docs திறக்கும்படி ஐ.டி. பிரிவு அனுமதி கொடுத்துவிட்டது. தனிக் கடவுச்சொல் எதுவும் இல்லை, யார் கேட்டாலும் கொடுக்க வேண்டியதும் இல்லை. பதில் அனுப்பும் முன் From கட்டத்தில் docs இருக்கிறதா என்று பாருங்கள். அப்படி அனுப்பினாலும் அதன் நகல் உங்கள் சொந்த Sent Items-இல்தான் சேரும், docs-இல் சேராது. ஆகவே ஒவ்வொரு பதிலிலும் docs முகவரியை Cc-யில் சேர்த்துவிடுங்கள். நீங்கள் எழுதியது கணக்குப் பிரிவுக்கும் திரும்பி வந்த பிறகு எனக்கும் தெரிய வேறு வழியில்லை.

வண்ணக் குறிகள் மூன்று. சிவப்பு என்றால் இன்றே முடிக்க வேண்டியது. மஞ்சள் என்றால் நம் பக்கம் வேலை முடிந்து அடுத்தவர் பதிலுக்குக் காத்திருப்பது. பச்சை என்றால் முடிந்தது. பச்சை போட்ட கடிதங்களையும் அழிக்க வேண்டாம். பழைய கடிதத்தை வங்கி எப்போது வேண்டுமானாலும் கேட்கும்.

தானியங்கி விதிகள்

ஃபார்வர்டரிடமிருந்து BL DRAFT என்ற தலைப்போடு வருபவை அதே பெயருள்ள ஃபோல்டருக்கும், வங்கிக் கடிதங்கள் BANK ஃபோல்டருக்கும், சுங்கத் துறையின் ICEGATE தளத்திலிருந்து தானாக வரும் அறிவிப்புகள் CUSTOMS ஃபோல்டருக்கும் போகின்றன. இவற்றில் சிக்கல் இல்லை.

கவனம் தேவைப்படுவது LINE NOTICES என்ற ஃபோல்டர். கப்பல் நிறுவனங்களின் தானியங்கி முகவரிகளிலிருந்து வருபவை அனைத்தையும் ஒரு விதி அங்கே தள்ளுகிறது. பெரும்பாலானவை கட்டண மாற்றம், விடுமுறை அறிவிப்பு போன்றவைதான். ஆனால் நம் கன்டெய்னர் குறித்த கப்பலில் ஏறாமல் அடுத்த கப்பலுக்குத் தள்ளப்பட்டது என்ற செய்தியும் அதே முகவரியிலிருந்து, அதே தோற்றத்தில்தான் வரும். தூத்துக்குடியிலிருந்து போகும் நம் சரக்கில் பெரும்பகுதி கொழும்பில் பெரிய கப்பலுக்கு மாறுவதால், அங்கே இணைப்பு தவறினாலும் இப்படித்தான் தெரியவரும். எனவே காலை வந்தவுடனும் மாலை கிளம்பும் முன்னும் அந்த ஃபோல்டரைத் திறந்து, நம் புக்கிங் எண் எதிலாவது இருக்கிறதா என்று தேடிப் பார்த்துவிடுங்கள். Junk ஃபோல்டரையும் நாளுக்கு ஒரு முறை பாருங்கள். புதிய இன்ஸ்பெக்ஷன் முகவரிகளிலிருந்து முதன்முறை வரும் கடிதங்கள் அங்கே ஒதுங்கிவிடுகின்றன.

முடிந்த ஷிப்மென்ட் கடிதங்களை என் கணினியில் உள்ள காப்பகக் கோப்புக்கு மாற்றும் விதி, என் அவுட்லுக் திறந்திருந்தால்தான் இயங்கும். நான் இல்லாதபோது அவை இன்பாக்ஸிலேயே குவியும். அது கோளாறு அல்ல, அப்படியே விட்டுவிடுங்கள். விதிகளை மாற்றவோ நிறுத்தவோ வேண்டாம், ஏனெனில் அவை மேலிருந்து கீழாக வரிசையில் இயங்குவதால் ஒன்றை இடம் மாற்றினால் மற்றவையும் தடம் மாறும்.

யார் எழுதுவார்கள், என்ன செய்ய வேண்டும்

ஃபார்வர்டர் நாளுக்குப் பல முறை எழுதுவார். அவருடைய கடிதங்களில் உங்கள் கண் நிலைக்க வேண்டியது பி.எல். டிராஃப்டில் மட்டுமே. அதை ஒப்புக்கொள்ளும் முன் கன்டெய்னர் எண்ணின் நான்கு எழுத்துகளையும் ஏழு இலக்கங்களையும், சீல் எண்ணையும், கார்ட்டன் எண்ணிக்கையையும், மொத்த எடையையும், கன்சைனி, நோட்டிஃபை பார்ட்டி பெயர்களையும் பேக்கிங் லிஸ்டோடும் எல்.சி.யோடும் வைத்து எழுத்துக்கு எழுத்து பாருங்கள். திரையில் பார்த்தால் கண் ஏமாறும். அச்செடுத்துப் பேனாவால் டிக் போட்டுப் பார்ப்பதே என் வழக்கம், உங்களுக்கும் அதையே பரிந்துரைக்கிறேன். ஒரிஜினல் அச்சான பிறகு திருத்தினால் கட்டணமும் உண்டு, நாளும் போகும்.

கஸ்டம்ஸ் புரோக்கர் ஷிப்பிங் பில் செக்லிஸ்ட் அனுப்புவார். நம் காட்டன் பின்னல் டி-ஷர்ட்டுகளுக்கு எச்.எஸ். எண் 61091000 என்பதையும், சலுகைத் திட்டம் RoSCTL என்றே குறிக்கப்பட்டிருப்பதையும் பாருங்கள். 61-ஆம் அத்தியாய ஆயத்த ஆடைகளுக்கு அதுதான் பொருந்தும்; RoDTEP என்று இருந்தால் திருப்பி அனுப்புங்கள்.

வெளிநாட்டிலிருந்து பணம் வந்ததும் வங்கி பர்ப்பஸ் கோட் கேட்டு எழுதும். ஷிப்மென்டுக்கு முன் வந்த அட்வான்ஸ் என்றால் P0103. கலெக்‌ஷனுக்கு அனுப்பிய ஏற்றுமதி பில்லுக்கு வந்த தொகை என்றால் P0102. எது என்பதைக் கணக்குப் பிரிவிடம் உறுதி செய்த பிறகே பதில் போகட்டும்.

இனி நான் மிகவும் வலியுறுத்த விரும்பும் ஒன்று. எந்த நூல் சப்ளையரோ, ஃபார்வர்டரோ, ஏஜென்டோ தங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டதாக எழுதினால், அந்தக் கடிதத்தில் உள்ள எண்ணுக்கு அழைக்காமல், நம் பழைய பதிவேட்டில் உள்ள எண்ணுக்கு அழைத்து நேரடியாகக் கேளுங்கள். முகவரியில் m இருக்க வேண்டிய இடத்தில் rn என்று இரண்டு எழுத்துகளை வைத்து, பார்வைக்கு அதே பெயர்போலக் காட்டும் கடிதங்கள் இந்தத் தொழிலில் அடிக்கடி வருகின்றன. பழைய உரையாடலின் கீழேயே பதிலாக வருவதால் நம்பத் தோன்றும். நம் கணக்கு மாறிவிட்டதா என்று பையர் யாராவது கேட்டால், மாறவில்லை என்று தொலைபேசியிலேயே சொல்லிவிட்டு மேலாளருக்கும் உடனே தெரிவியுங்கள்; யாரோ நம் பெயரில் எழுதியிருக்கிறார்கள் என்று அதற்குப் பொருள்.

நிலுவையில் உள்ளவை

மிக அவசரமானது ஹாம்பர்க் பையரின் எல்.சி. சரக்கு நவம்பர் 1 அன்று கப்பலேறியது. எல்.சி.யின் 48-ஆம் புலத்தில் ஆவணம் கொடுக்க 21 நாள் என்று இருப்பதால் 22 வரை அவகாசம் இருப்பதுபோல் தோன்றும். ஆனால் 31D புலத்தில் எல்.சி. காலாவதியாகும் நாள் நவம்பர் 20 என்று இருக்கிறது. இரண்டில் முந்தையதே கெடு. 22 நான்காம் சனிக்கிழமை என்பதால் வங்கியும் இயங்காது. ஆகவே 17, திங்கள்கிழமைக்குள் முழு செட்டையும் வங்கியில் கொடுத்துவிடுங்கள். டிஸ்கிரிபன்சி என்று வங்கி ஏதாவது சொன்னால் திருத்த மூன்று நாள் மிஞ்சும்.

அந்த செட்டில் ஒரிஜினல் பி.எல். மட்டுமே இன்னும் கைக்கு வரவில்லை. ஃபிரைட்டும் துறைமுகக் கையாளும் கட்டணமான டி.எச்.சி.யும் செலுத்தப்பட்டால்தான் ஃபார்வர்டர் அதை விடுவிப்பார். 7-ஆம் தேதியே கணக்குப் பிரிவுக்கு எழுதிவிட்டேன். 10, திங்கள் மதியத்திற்குள் பணம் போனதா என்று நேரில் போய்க் கேளுங்கள். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், சான்றிதழ்கள் எல்லாம் என் மேசையின் நீல ஃபைலில் கையெழுத்தோடு தயாராக உள்ளன. இன்வாய்ஸைப் பார்க்கும் யாராவது MENS என்பதில் மேற்கோள் குறி விடுபட்டிருக்கிறது என்று சொல்லக்கூடும். எல்.சி.யின் 45A புலத்தில் 100 PCT COTTON KNITTED MENS T-SHIRTS என்றுதான் இருக்கிறது. சரக்கின் விவரம் எல்.சி.யில் உள்ளபடியே இன்வாய்ஸில் இருக்கட்டும். இலக்கணம் பார்த்துத் திருத்த வேண்டாம்.

அடுத்தது ஃபெலிக்ஸ்டோவுக்குப் போகும் கன்டெய்னர். 11, செவ்வாய் மாலை ஸ்டஃபிங். 12, புதன் மாலை 5 மணிக்குள் ஷிப்பிங் இன்ஸ்ட்ரக்‌ஷன் போக வேண்டும். 13, வியாழன் நண்பகலுக்குள் வி.ஜி.எம்., அதாவது கன்டெய்னரோடு சேர்த்த சரிபார்த்த எடை, போக வேண்டும். திட்டப்படி 412 கார்ட்டன். தரச் சோதனையில் சில நிறுத்தப்படலாம் என்று பேக்கிங் மேற்பார்வையாளர் சொல்லியிருக்கிறார். எண்ணிக்கை ஒன்று குறைந்தாலும், கன்டெய்னர் துறைமுகம் சேரும் முன் புரோக்கரிடம் சொல்லி ஷிப்பிங் பில்லைத் திருத்தச் சொல்லுங்கள். பிறகு ஷிப்பிங் பில்லுக்கும், கப்பல் நிறுவனம் சுங்கத்துக்குத் தரும் சரக்குப் பட்டியலான இ.ஜி.எம்.முக்கும் கணக்கு ஒத்துவராவிட்டால் டிராபேக்கும் RoSCTL-உம் தேங்கி நிற்கும், அதைச் சரிசெய்ய வாரக்கணக்கில் அலைய வேண்டியிருக்கும்.

துபாய் பையருக்கு 2022 மே முதல் நடைமுறையில் உள்ள இந்தியா–ஐக்கிய அரபு அமீரக ஒப்பந்தத்தின்படியான ஒரிஜின் சான்றிதழுக்கு ஆன்லைனில் விண்ணப்பித்திருக்கிறேன். விளக்கம் கேட்டு வந்தால் docs-க்கே வரும். துணி, நூல் வாங்கிய பில்கள் DUBAI ORIGIN ஃபோல்டரில் உள்ளன. சான்றிதழ் கிடைத்ததும் பையருக்கு அன்றே அனுப்புங்கள், ஏனெனில் அது இல்லாவிட்டால் அவர் ஜெபல் அலியில் முழு சுங்க வரி கட்ட வேண்டியிருக்கும்.

மற்றவை சிறியவை. பழைய ஷிப்மென்ட் ஒன்றுக்கான கூரியர் ரசீதை ஸ்டாக்ஹோம் பையர் கேட்டிருக்கிறார். COURIER ஃபோல்டரில் இருக்கிறது, அனுப்பினால் போதும். ஃபிரைட் விலை சொல்லி எழுதும் புதிய ஃபார்வர்டர்களுக்கு நான் வந்த பிறகு பதில் எழுதுகிறேன்.

16-ஆம் தேதி திருமணம். அன்றும் முந்தைய நாளும் தவிர மற்ற நாள்களில் மாலை 4 முதல் 5 வரை தொலைபேசியில் கிடைப்பேன். ஹாம்பர்க் எல்.சி. தொடர்பானது என்றால் எந்த நேரத்திலும் அழைக்கலாம். கையெழுத்துக்கும் பணம் தொடர்பான முடிவுக்கும் மேலாளரை அணுகுங்கள். என் விடுப்பைப் பற்றியும் இந்தக் குறிப்பைப் பற்றியும் அவருக்குத் தெரியும். 24, திங்கள் காலை வந்ததும் மஞ்சள் குறியிட்டவற்றை உங்களோடு உட்கார்ந்து பார்த்து எடுத்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
முருகேசன்
ஏற்றுமதி ஆவணப் பிரிவு, திருப்பூர்