ஆறுபடை வீடு நடைப்பயணத்துக்காகச் சம்பளமில்லா விடுப்பு வேண்டி விண்ணப்பம்

குலசேகரம்,
01.12.2025

அனுப்புநர்:
சு. மணிகண்டன்,
கணக்கு மற்றும் கொள்முதல் பொறுப்பு

பெறுநர்:
உரிமையாளர் அவர்கள்,
ரப்பர் ஷீட் கொள்முதல் கடை,
குலசேகரம், கன்னியாகுமரி மாவட்டம்

பொருள்: 09.01.2026 முதல் 01.03.2026 வரை சம்பளமில்லா விடுப்பு கேட்பதும், என் பொறுப்புகளை ஒப்படைக்கும் விவரமும்

மதிப்பிற்குரிய முதலாளி அவர்களுக்கு,

வணக்கம். நேரில் சொன்னால் பாதி விட்டுப்போகும் என்பதால் எழுதித் தருகிறேன். வேளிமலை குமாரகோவிலில் கும்பிட்டுப் புறப்பட்டு, ஆறுபடை வீடுகளுக்கும் நடந்தே போய்வர வேண்டும். அதற்கு 52 நாள் வேண்டும். ஞாயிற்றுக்கிழமைகளையும் பொங்கலையும் குடியரசு தினத்தையும் கழித்தால் கடை திறந்திருக்கும் 42 நாட்கள் நான் இருக்க மாட்டேன்.

இது என் அம்மா நேர்ந்தது. 2011இல் என் மகள் எட்டு மாதக் குழந்தையாக ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, பிள்ளை பிழைத்தால் ஆறு வீட்டுக்கும் நடந்து வருகிறேன் என்று ஒரு ரூபாய் நாணயத்தை மஞ்சள் துணியில் முடிந்து அரிசிப் பானைக்குள் வைத்தார்கள். பானை இரண்டு முறை மாறிவிட்டது, முடிச்சு மட்டும் மாறவில்லை. பிள்ளை இப்போது ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். அம்மாவுக்கு 71 வயது, இரண்டு முட்டும் தேய்ந்துபோய் முற்றத்தைத் தாண்டவே கம்பு வேண்டும். போன ஆவணியில் அந்த முடிச்சை என் கையில் தந்து, "எனக்கு இனி ஆவாது மக்கா, நீ கொண்டு போ" என்றார்கள். அவர்கள் கண் காணவே முடித்துவிட்டு வந்து சொல்ல வேண்டும் என்பதுதான் என் அவசரம்.

குமாரகோவிலில் இருந்து அஞ்சுகிராமம், கூடங்குளம், உவரி வழியாகக் கடற்கரை ரோட்டில் திருச்செந்தூர். அங்கிருந்து தூத்துக்குடி, எட்டயபுரம், அருப்புக்கோட்டை வழி திருப்பரங்குன்றம், பிறகு பழமுதிர்சோலை. நத்தத்தில் செட்டிநாட்டுக் காவடிக்காரர்கள் வரும் பாதையில் சேர்ந்துகொண்டால் திண்டுக்கல் வழியாகப் பழனி வரை கூட்டத்தோடு நடக்கலாம். தைப்பூசம் பிப்ரவரி 1. மறுநாள் புறப்பட்டால் 14ஆம் தேதிவாக்கில் சுவாமிமலை, 27ஆம் தேதி திருத்தணி. சராசரியாக நாளைக்கு 20 கிலோமீட்டருக்குச் சற்று மேல். சென்னைக்குப் போய் ரயில் ஏறி மார்ச் 1 வீடு வந்து, மார்ச் 2 திங்கட்கிழமை காலையில் கடையில் இருப்பேன். ஆண்டுக் கணக்கு முடிக்கிற மார்ச் மாதம் முழுக்க நான் இங்கே இருக்க வேண்டும் என்பதை மனதில் வைத்தே இந்தத் தேதிகளைப் போட்டிருக்கிறேன்.

இனி வேலை. தை பிற்பாதியில் இலை உதிர ஆரம்பித்துவிடும். பிப்ரவரியில் பெரும்பாலான தோட்டங்களில் பால்வெட்டை நிறுத்திவிடுவார்கள், கொள்முதல் பாதிக்குக் கீழே போய்விடும். கஷ்டம் ஜனவரியில்தான். அப்போதும் ஷீட் நன்றாக வரும், நான் இல்லாதது தெரியும். இதை மறைக்க விரும்பவில்லை. ஜனவரி 9 முதல் 31 வரை செவ்வாயும் வெள்ளியும் கட்டுத் தூக்கவும் எடை எழுதவும் ஓர் ஆளைக் கூலிக்கு வைத்துக்கொள்ளலாம். என் சம்பளம் மிச்சமாகிற பணத்தில் அது அடங்கும்.

ஷீட் தரம் பார்ப்பதை ஜெபராஜ் பார்த்துக்கொள்வார். ஐப்பசி கடைசியிலேயே அவரிடம் கேட்டு, பழக்க ஆரம்பித்துவிட்டேன். ஒரே கட்டை அவர் முதலில் பார்த்துத் தரத்தைத் தாளில் எழுதி மடித்து வைப்பார். பிறகு நான் பார்ப்பேன். முதல் வாரம் பத்துக் கட்டில் நான்கில் எங்கள் இருவருக்கும் மாறி வந்தது. இப்போது ஒன்றுதான் மாறுகிறது, அதுவும் நான்காம் தரத்துக்கும் ஐந்தாம் தரத்துக்கும் நடுவில். வெளிச்சத்துக்கு நேரே ஷீட்டைப் பிடித்துக் குமிழும் கருப்புப் புள்ளியும் பார்க்க அவருக்குக் கை வந்துவிட்டது. ஒட்டுப்பால்தான் இன்னும் பயம். மேலே காய்ந்த மாதிரி இருக்கும், கத்தியால் கீறினால் நடுவில் வெள்ளையாக ஈரம் நிற்கும், பட்டையும் மண்ணும் கலந்திருக்கும். அதற்கு எவ்வளவு கழிப்பது என்பது சொல்லி வருவதில்லை. ஆகவே நான் வரும் வரை 50 கிலோவுக்கு மேல் வரும் ஒட்டுப்பாலுக்கு நீங்கள் பார்த்து விலை சொல்லும்படி கேட்டுக்கொள்கிறேன். சின்ன அளவு வந்தால் ஜெபராஜே முடித்துவிடுவார்.

கணக்கு ஷீபாவிடம். டேலியில் அன்றன்றைய கொள்முதலை அவர்தான் ஏற்கெனவே ஏற்றுகிறார், அதில் புதிதாக ஒன்றும் இல்லை. டிசம்பர் மாத GSTR-1, GSTR-3B இரண்டையும் ஜனவரி 8க்குள் நானே போட்டுவிட்டுத்தான் கிளம்புவேன். ஜனவரி மாதத்துக்கு உரியது பிப்ரவரி 11, 20 ஆகிய தேதிகளில் வரும். ஷீபா தயார் செய்து மார்த்தாண்டத்தில் ஆடிட்டருக்கு அனுப்புவார், அவர் பார்த்த பிறகே போட வேண்டும். ஓடிபி உங்கள் போனுக்கு வரும் என்பதால் அந்த இரண்டு நாளும் காலை பதினொரு மணிக்கு நீங்கள் கடையில் இருந்தால் நல்லது. ரப்பர் வாரியத்துக்கான மாதக் கணக்குக்கு நவம்பர் மாதத்து நகலை மாதிரியாக வைத்து, எந்த எண் எந்தப் பதிவேட்டில் இருந்து வருகிறது என்று பென்சிலால் குறித்துக் கொடுக்கிறேன்.

முன்பணம் வாங்கியிருக்கும் பன்னிரண்டு தோட்டக்காரர்கள் விஷயத்தில் கொஞ்சம் கவனம் வேண்டும். பற்று நோட்டில் இருப்பது தொகை மட்டும். யாரிடம் வாராவாரம் பிடிக்கலாம், யாருக்குப் பால்வெட்டு நிற்கும் மாதத்தில் விட்டுக்கொடுக்க நீங்கள் முன்பே வாக்குக் கொடுத்திருக்கிறீர்கள் என்பதெல்லாம் என் தலையில்தான் இருக்கிறது. டிசம்பர் 20க்குள் ஆளுக்கு ஒரு பக்கம் என்று எழுதி, உங்களோடு உட்கார்ந்து ஒருமுறை வாசித்து, நீங்கள் சரி என்றதும் ஷீபாவிடம் கொடுப்பேன். புதிய முன்பணம் நான் வரும் வரை உங்கள் கையெழுத்தில்லாமல் போகாது. ஜனவரி 5 முதல் 8 வரை என் நாற்காலியில் ஜெபராஜும் ஷீபாவும் உட்காருவார்கள், நான் பக்கத்தில் நின்று பார்ப்பேன். பெட்டிச் சாவியையும் கையிருப்பையும் 8ஆம் தேதி மாலை உங்கள் முன்னால் எண்ணி ஒப்படைக்கிறேன்.

போன் கையில் இருக்கும். நடக்கும்போது எடுக்க மாட்டேன், மாலை ஆறு மணிக்கு மேல் எடுப்பேன். சனிக்கிழமை பட்டுவாடா முடிந்ததும் ஏழு மணிக்கு நானே ஷீபாவைக் கூப்பிட்டு அந்த வாரத்துக் கணக்கைக் கேட்டுக்கொள்வேன்.

இந்த நாட்களுக்குச் சம்பளம் வேண்டாம். மீதி இருக்கும் ஒன்பது நாள் லீவையும் இதில் கழிக்க வேண்டாம் என்று கேட்கிறேன். நேர்ச்சைக்கு நடக்கிறவன் கூலி வாங்கிக்கொண்டு நடக்கக் கூடாது என்பது அம்மாவின் பேச்சு, எனக்கும் அதுவே சரி என்று படுகிறது. சம்பளம் இல்லாத நாட்களுக்குப் பி.எஃப். பிடித்தம் இருக்காது என்பது தெரியும். திரும்பி வந்து இதே வேலையில், இதே சம்பளத்தில் தொடர்வதாக நம் இருவருக்கும் பொதுவாக ஒரு கடிதம் மட்டும் தந்தால் போதும்.

52 நாள் தரவே முடியாது என்று உங்களுக்குப் பட்டால், பழனி வரை நடந்து தைப்பூசம் முடித்து பிப்ரவரி 4 வேலைக்கு வந்துவிடுகிறேன், மீதி இரண்டு வீட்டை அடுத்த தையில் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் ஒரே நடையாக முடிக்கவே மனம் கேட்கிறது. அடுத்த தைக்கு அம்மா எப்படி இருப்பார்கள் என்று சொல்ல முடியவில்லை.

மார்கழி முதல் தேதி, அதாவது டிசம்பர் 16 அன்று விரத மாலை அணிந்தால் தைப்பூசத்தன்று 48 நாள் நிறையும். அதனால் டிசம்பர் 13 சனிக்கிழமைக்குள் உங்கள் முடிவைச் சொல்லும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். ஒப்படைப்பில் எதை மாற்றச் சொன்னாலும் மாற்றித் தருகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
சு. மணிகண்டன்