டிசம்பர் 4, 5 தேதி ஸ்லாட்டுகளுக்குப் போட்ட நோ-ஷோவை நீக்கக் கோரி

வணக்கம் சார் / மேடம்,

பார்ட்னர் ஐடி 418276, வேளச்சேரி ஸோன், பைக்கில் சாப்பாடு டெலிவரி. இதே விஷயத்தை நேற்று சாட்டில் சொன்னேன். "ஸ்லாட்டுக்கு 2 மணி நேரம் முன்பே கேன்சல் செய்திருக்க வேண்டும்" என்று ஒரே வரி அனுப்பிவிட்டு டிக்கெட்டை மூடிவிட்டார்கள். கேன்சல் செய்ய ஏன் முடியவில்லை என்பதுதான் நான் சொல்ல வந்ததே.

இந்த வாரம் எனக்கு நாலு நோ-ஷோ காட்டுகிறது: 4-ஆம் தேதி திங்கள் மதியம், அன்றே இரவு, 5-ஆம் தேதி செவ்வாய் இரவு, 7-ஆம் தேதி வியாழன் மதியம். முதல் மூன்றும் மிக்ஜாம் புயல் நாட்கள். சென்னைக்கு அரசே விடுமுறை விட்ட நாட்கள்.

நான் மடிப்பாக்கம் ராம் நகரில் தரைத்தளத்தில் இருக்கிறேன். ஞாயிறு இரவு மழையில் நனைந்தபடியே 11 ஆர்டர் முடித்துவிட்டுத்தான் லாக்-அவுட் செய்தேன். விடியற்காலை கண் விழித்தபோது வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர், பைக் பாதி முங்கிக் கிடந்தது. கரண்ட் இல்லை. போனில் 20 சதவீதம் சார்ஜ் இருந்தும் டவர் கிடைக்கவில்லை. மாடி வீட்டுக்காரர் போனிலும் அதே கதை. ஆப்பைத் திறந்தால் சுற்றிக்கொண்டே இருந்தது; மதியத்துக்குள் போனும் அணைந்துவிட்டது. புதன் மாலை தரமணி போய் நண்பர் அறையில் சார்ஜ் போட்ட பிறகுதான் நோ-ஷோ மெசேஜையே பார்த்தேன்.

என் வார்த்தையை நம்ப வேண்டாம். ஞாயிறு இரவுக்குப் பிறகு என் ஐடி எப்போது ஆன்லைன் வந்தது என்று உங்கள் சிஸ்டத்திலேயே தெரியும். திங்கட்கிழமை எங்கள் ஸோனில் எத்தனை ஆர்டர் ஓடியது என்பதும் தெரியும். வேளச்சேரி மேம்பாலத்தில் காரை வரிசையாக நிறுத்தி வைத்திருந்த ஊரில் யார் யாருக்கு சாப்பாடு கொண்டுபோயிருக்க முடியும்?

வியாழன் மதியம் வேறு. அன்று பைக் மெக்கானிக்கிடம் இருந்தது. ஆயில் மாற்றி, பிளக் மாற்றி 850 ரூபாய் ஆனது. பில்லை இணைத்திருக்கிறேன். ஆனால் அன்று போன் கையில் இருந்தது, காலையிலேயே கேன்சல் செய்திருக்கலாம். வீட்டைக் கழுவும் வேலையில் மறந்துவிட்டேன். அந்த ஒன்றுக்கு மார்க் குறைத்தால் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

மற்ற மூன்றையும் நீக்கிவிடுங்கள். இப்போது கோல்டு ரேங்கிலிருந்து புரோன்ஸ் ரேங்குக்கு இறக்கிவிட்டிருக்கிறீர்கள். நாளை ஞாயிறு காலை 11 மணிக்கு அடுத்த வார ஸ்லாட் கோல்டுக்குத் திறக்கும். புரோன்ஸுக்கு மாலை 4 மணிக்குத்தான். அதற்குள் இரவு ஸ்லாட் எல்லாம் போய்விடும், மதியம் 3 மணி முதல் 6 மணி வரை உள்ளதுதான் மிஞ்சும். அதில் பெட்ரோல் காசுகூடத் தேறாது. நனைந்த மெத்தை, அரிசி எல்லாம் புதிதாக வாங்க வேண்டிய வாரம் இது.

தண்ணீர் நின்ற வீட்டு போட்டோ இரண்டும் இதோடு இருக்கிறது. முடிவு எதுவானாலும் நாளை காலை 11 மணிக்குள் சொல்லுங்கள். டிக்கெட்டை மூடுவதற்கு முன் யாராவது ஒருவர் எனக்கு போன் செய்தால் நல்லது. பதிவு செய்த நம்பர் வேலை செய்கிறது.

இப்படிக்கு,
பார்ட்னர் ஐடி 418276
9.12.2023