ஞாயிறு குறிகட்டுவான் ஓட்டம்: எங்கட வேகத்துக்கு எத்தினை மணி?

வணக்கம் அண்ணை,

வாற ஞாயிறு சைக்கிள் ஓட்டத்துக்கு நாங்களும் மூண்டு பேர் வாறம். நான், அப்பா, பெறாமகன். ஆனால் குழுவில "காலமை 5.30க்குப் பண்ணை, 7 மணிக்குக் குறிகட்டுவான்" எண்டு ஒரே ஒரு நேரம்தான் போட்டிருக்கிறியள். அது ஆற்ற வேகத்துக்கு?

தூரத்தை 30 கிலோமீற்றர் எண்டு வச்சு நான் கொப்பியில போட்டுப் பாத்தன். பெறாமகன் மணிக்கு 24 ஓடுவான், அவனுக்கு ஒண்டேகால் மணித்தியாலம். எனக்கு 18, ஒரு மணி நாப்பது நிமிசம். அப்பாவுக்கு 67 வயசு, 15க்கு மேல மிதிக்கமாட்டார், அவருக்கு முழுசா ரெண்டு மணித்தியாலம். ஒரே நேரத்தில வெளிக்கிட்டால் முதல் ஆளுக்கும் கடைசி ஆளுக்கும் இடையில முக்கால் மணித்தியாலம் வருது. நீங்கள் போட்ட 7 மணி, மணிக்கு 20 கிலோமீற்றரில ஓடுறவைக்குத்தான் சரி.

இது நிக்காமல் ஓடின கணக்கு. வங்களாவடிச் சந்தியில தேத்தண்ணிக்கு 20 நிமிசம் நிண்டால் அப்பாவின்ர சராசரி 13க்கும் கீழ போயிடும். அதால, நீங்கள் தாற நேரத்தில தரிப்பும் சேர்த்தியோ இல்லையோ எண்டு சொல்லுங்கோ. போனமுறை அது தெரியாமல்தான் நான் குறிகட்டுவான் இறங்குதுறைக்கு வந்து, படகு போற பின்பக்கத்தைப் பாத்துக்கொண்டு நிண்டனான். உங்களில குறை இல்லை, நான்தான் கேக்கேல்லை.

மற்றது காத்து. இப்ப ஆடிச் சோளகம். பண்ணைப் பாலத்திலயும், வேலணை தாண்டிப் புங்குடுதீவுக்குப் போற பாலத்திலயும் ஒதுங்க ஒரு பூவரசுகூட இல்லை. போகேக்க முகத்திலதான் அடிக்கும். அப்பாவின்ர வேகம் 12க்கு இறங்கினால் ரெண்டரை மணித்தியாலம். நீங்கள் அந்தப் பக்கம் எத்தினையோ தரம் ஓடின ஆள், சோளகத்துக்கு எவ்வளவு கூட்டிப் போடவேணும்? திரும்பி வரேக்க காத்து தள்ளிவிடும், அதுக்கு நான் கவலைப்படேல்லை, வெயிலுக்குத்தான்.

என்ர யோசனை, மெதுவா ஓடுறவையை 5 மணிக்கே விடலாம். ஆனால் அந்த நேரம் இருட்டு. அப்பாவின்ர சைக்கிளில பழைய டைனமோதான். அதைச் சாய்ச்சு ரயரில முட்டவிட்டால் கிர்ரெண்டு இழுக்கும், லைற் எரியும், ஆனால் மிதிக்கிறது இன்னும் பாரம். பின்னால சிவப்பு லைற்றோட ஒராள் அவையோட வருவினமோ?

12, 15, 18, 24 எண்டு நாலு வேகத்துக்கும் பண்ணையில வெளிக்கிடுற நேரம், வங்களாவடி, புங்குடுதீவு, இறங்குதுறை சேருற நேரம், இவ்வளவும் போட்டுவிட்டால் காணும். நாங்கள் நயினாதீவுக்குப் போய்க் கும்பிட்டிட்டு வாற எண்ணம், அதால படகுக்குப் பிந்தக்கூடாது. வியாழக்கிழமைக்கு முன்னம் சொல்லுங்கோ அண்ணை, அப்பாவின்ர பின் ரியூப் ஒட்டுப்போடக் குடுக்கவேணும்.

கொக்குவில் ரீச்சர்