காவிரி அணைகள்: உன் நாலு பக்கமும் டைப் அடித்தது

தம்பி, உன் நோட்ஸ் பக்கங்களின் போட்டோ நாலும் வந்தது, ஆனால் 3 முன்னால் 2 பின்னால். இரண்டாவதில் உன் கட்டைவிரல் ஒரு வரியை மறைக்கிறது, அதை மட்டும் மறுபடி எடுத்து அனுப்பு. தலைப்புகள் நான் போட்டவை, உன் நோட்டில் ஒரே கோடாக ஓடுகிறது. "கொ." கொள்ளிடம், "↓" மட்டம் இறங்கியது, "பரீ!" பரீட்சைக்கு வரும், அதெல்லாம் சுலபம். "மே.அ."தான் உயிரை வாங்கியது. ஒரு இடத்தில் மேலணை, இன்னொரு இடத்தில் மேட்டூர் அணை! பக்கத்தில் இருந்த வருஷத்தை வைத்துத்தான் பிரித்தேன். "கா."வும் அப்படித்தான், காவிரியும் அதுவே, ஆங்கிலேயப் பொறியாளர் காட்டனும் அதுவே.

கல்லணை
கரிகாலன் கட்டியது என்பது மரபு. பாறையில் அல்ல, ஆற்று மணல்மேல் நிற்கிறது. ஆழம் தெரியாத மணலில் அஸ்திவாரம் போடும் வித்தையை ஆர்தர் காட்டன் இதைப் பார்த்துத்தான் கற்றார். (பரீ!)

கொள்ளிடம் ஏன் சிக்கல்
திருச்சிக்கு மேற்கே முக்கொம்பில் காவிரியிலிருந்து கொள்ளிடம் பிரிகிறது. கொள்ளிடம் நேராகவும் சரிவாகவும் ஓடுவதால் அதன் படுகை அரித்து இறங்கியது, காவிரிப் பக்கம் மணல் மேடிட்டது. தண்ணீர் பள்ளத்தைத் தேடிப் போகும், அதனால் தஞ்சைக்கு வரவேண்டியது கொள்ளிடம் வழியாகக் கடலுக்குப் போனது. (உன் நோட்டில் "கா. மேடு, கொ. ↓, த. காய்ச்சல்" என்று இருந்தது. "த." தஞ்சை, "காய்ச்சல்" வறட்சி. முதலில் யாருக்கோ ஜுரம் என்று நினைத்தேன்.)

மேலணை, 1836-38
காட்டன் முக்கொம்பில் கொள்ளிடத்தின் குறுக்கே கட்டினார். நோக்கம் தேக்குவது அல்ல, மட்டத்தை உயர்த்திக் காவிரிக்குத் தண்ணீரைத் திருப்புவது. பிறகு கோதாவரியில் தவளேஸ்வரம் அணையைக் கட்டினார். ஓரத்தில் சிவப்பு மையில் "22.8.18, 9 போச்சு": 2018 ஆகஸ்ட் 22-ல் வெள்ளத்தில் மேலணையின் ஒன்பது மதகுகள் உடைந்ததைச் சொல்கிறது.

மேட்டூர் அணை, 1925-34
இது தேக்கும் அணை, மேலணையோடு குழப்பாதே. முழு மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. ஆளுநர் ஸ்டான்லி பெயரால் ஸ்டான்லி நீர்த்தேக்கம். குறுவைக்குத் திறக்கும் வழக்கமான நாள் ஜூன் 12. நீர் இருப்பைப் பொறுத்து முன்பின் ஆகும். "ஜூ 12"ஐ நீ ஜூலை என்று படித்துவிடாதே.

அப்புறம் மூன்றாம் பக்க மூலையில் "மு.க்கு 40 தரணும்" என்று இருந்தது. மு. என்றால் உன் நோட்டு முழுக்க முக்கொம்பு, அதனால் 40 மதகா, 40 அடியா என்று பத்து நிமிஷம் மண்டையை உடைத்துக்கொண்டேன். உன் ரூம்மேட் முத்துவிடம் வாங்கின கடன் என்றால் அதை நோட்ஸில் சேர்க்கவில்லை, நீயே கொடுத்துவிடு.