காலையில் பாதியில் போன செய்திக்கு மன்னிப்பு

அக்கா,

காலை 10:40க்கு நம் குழுவில் என் பெயரில் ஒரு வரி வந்ததே, "அக்கா, நீங்க போட்ட கணக்கை இப்படியே அனுப்ப முடியாது, ஏன்னா" என்று, அது நான் எழுதி முடிக்காத செய்தி. மன்னித்துவிடுங்கள். உங்கள் கணக்கில் ஒரு தப்பும் இல்லை, தப்பு என்னுடையது.

நான் எழுத வந்தது இவ்வளவுதான்: "ஏன்னா மூன்றாவது தாளுக்கு நான் கொடுத்த எண்களே பழசு, ஜூன் மாதத்துக்குப் பதிலா மே மாதத்தைக் கொடுத்துட்டேன், மாத்தித் தர்றேன்." அந்த "ஏன்னா" வரைக்கும் அடித்துவிட்டு அடுத்த வரிக்குப் போக Enter தட்டினேன், கூடவே Shift அழுத்த மறந்துவிட்டேன். அதே நேரம் மேலாளர் கூப்பிட, மடிக்கணினியை அப்படியே மூடிவிட்டுக் கூட்டத்துக்கு ஓடினேன். செய்தி போனதே எனக்குத் தெரியாது.

11:25க்கு வந்து திறந்தால், "எந்த இடத்தில் தப்பு?" என்று இரண்டு தடவை கேட்டிருக்கிறீர்கள், அதற்குக் கீழே "சரி, முதலிலிருந்து பார்க்கிறேன்" என்று ஒரு வரி. அதைப் படித்ததும் மனசு ரொம்பக் கஷ்டமாகிவிட்டது. இரண்டு நாள் உட்கார்ந்து போட்ட கணக்கு அது. என் தப்பைச் சொல்ல ஆரம்பித்த வாக்கியம், எட்டுப் பேர் பார்க்கிற இடத்தில் உங்கள் தப்பு மாதிரி முக்கால் மணி நேரம் நின்றிருக்கிறது. நான் இங்கே சேர்ந்த புதிதில் எத்தனையோ பிழை விட்டிருக்கிறேன், ஒன்றைக்கூட நீங்கள் குழுவில் சொன்னதில்லை, தனியாகக் கூப்பிட்டுத்தான் காட்டுவீர்கள். அதனால்தான் இது எனக்கு இன்னும் உறுத்துகிறது.

அந்த வரியை அழித்துவிடலாமா என்று யோசித்தேன். எல்லோரும் பார்த்துவிட்டார்கள், இனி அழித்தால் எதையோ மறைப்பது போல ஆகும், உங்களைப் பற்றித்தான் தப்பாக நினைப்பார்கள். அதனால் அதை அப்படியே விட்டு, அதற்குப் பதிலாகவே முழு விவரத்தையும் எழுதி, தவறான எண்களைக் கொடுத்தது நான்தான் என்று போட்டிருக்கிறேன். மேலாளரிடமும் நேரிலேயே சொல்லிவிட்டேன்.

அப்புறம், மறுபடி சரிபார்க்கத் தொடங்கியிருந்தால் தயவுசெய்து நிறுத்திவிடுங்கள். மூன்றாவது தாளில் 14 முதல் 22 வரை உள்ள வரிசைகளில் ஜூன் எண்களைப் போட்டு, திருத்திய கோப்பை இத்துடன் இணைத்திருக்கிறேன். கூட்டுத்தொகை நீங்கள் போட்ட சூத்திரத்திலேயே தானாக மாறிவிட்டது, மற்ற தாள்களை நான் தொடவில்லை. மாலை 5 மணிக்குள் அனுப்பினால் போதும் என்று கேட்டு வாங்கியிருக்கிறேன், அதனால் அவசரம் வேண்டாம்.

இதை எழுத்தில் மட்டும் சொல்லிவிட்டுப் போக மனசு வரவில்லை. மூன்று மணிக்கு மேல் உங்கள் இடத்துக்கு வரலாமா? இன்றைக்குப் பேச வேண்டாம் என்று தோன்றினால் அதையும் சொல்லுங்கள், நாளைக்கு வருகிறேன்.